எழுத்திலிருந்து திரைக்கு

(சங்கத்தின் இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சென்ற ஆண்டு மலரில் டெங்கு நோயைப் பற்றி ஒரு கட்டுரை வெளியாயிற்று. 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவான செய்தியோடு தொடங்கிய அக்கட்டுரையை நம்மவரில் எத்தனை பேர் முடிவு வரை வாசித்தார்கள் என்று கேட்டு யாரையும் சங்கடப்படுத்த விரும்பவில்லை. அதை ஒரு சிறு விளக்கக் காணொளியாக்கி, வீடுதோறும் கைத்தொலைபேசிகளுக்கு அனுப்புவோம் என்று நாம் சிலர் முன்வந்தோம். அந்த வேலையில் நாம் பட்ட பாட்டையும் கற்ற பாடத்தையும் உங்கள் முன் வைக்கின்றோம்.

கட்டுரை ஏறத்தாழ 1,100 சொற்கள் கொண்டது. தமிழை நிதானமாக வாசித்தால் ஒரு நிமிடத்துக்கு 100 சொற்கள் அளவில்தான் செல்லும். அப்படியே வாசித்தால் 11 நிமிடம். அவ்வளவு நேரம் யார் பார்ப்பார்? ஆகவே 280 சொற்களாகச் சுருக்கினோம். பின் ஒரு தாளில் மூன்று பத்திகள் வரைந்தோம். முதற் பத்தியில் காதில் விழும் வாக்கியம், இரண்டாவதில் திரையின் அடியில் தோன்றும் எழுத்து, மூன்றாவதில் கண் காணும் படம். ஒரு வரிசைக்கு ஒன்பது சொற்கள், ஐந்தாறு விநாடிகள். மொத்தம் 31 வரிசைகள், மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு.

முதலிரண்டு பத்திகளும் ஒரு மாலையில் முடிந்தன. வில்லங்கம் மூன்றாவதில் இருந்தது. படங்களை நாமே எடுக்கவில்லை. பெக்செல்ஸ், பிக்சபே போன்ற தளங்களில் எவரும் இலவசமாக எடுத்தாளக்கூடிய ஆயத்தப் படங்களும் சிறு படக்காட்சிகளும் ஆயிரக்கணக்கில் உண்டு. “நுளம்பு” என்று தேடினோம், அழகான படம் வந்தது. “தேங்கிய நீர்” என்று தேடினோம், பாசி படிந்த கரிய கால்வாயொன்று கிடைத்தது. “காய்ச்சல்” என்றதும் நெற்றியில் கை வைத்துப் பார்க்கும் தாய். ஒரே நாளில் 31 கட்டங்களும் நிரம்பிவிட்டன. எமக்குப் பெருமையோ பெருமை!

கொட்டாஞ்சேனையில் ஓர் அங்கத்தவரின் வீட்டு முற்றத்தில் முதன்முதலாகப் போட்டுக் காட்டினோம். முடிந்ததும் ஒரு பெரியவர், “நல்லது தம்பிமார், கால்வாயைத் துப்புரவாக்கச் சொல்லி மாநகரசபைக்கு எல்லாரும் சேர்ந்து ஒரு விண்ணப்பம் எழுதுவோம்” என்றார். கூடியிருந்தோரும் ஆமோதித்தனர். நாம் திகைத்துப் போனோம். டெங்கு நுளம்பு சாக்கடையில் அல்ல, வீட்டைச் சுற்றிக் கிடக்கும் தெளிந்த நீரிலேயே பெரும்பாலும் பெருகும் என்பதுதான் கட்டுரையின் உயிர். அதைச் சொன்ன விநாடியில்தான் அந்தக் கரிய கால்வாய் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. காது கேட்டதைக் கண் தள்ளிவிட்டது.

அன்றிரவே தாளை மறுபடி எடுத்து, ஒலியை நிறுத்தி, எழுத்தையும் மறைத்து, படங்களை மட்டும் ஓடவிட்டோம். கட்டுரையை வாசியாத தங்கை ஒருத்தியை அமர்த்தி, ஒவ்வொரு படமும் என்ன சொல்கிறது என்று கேட்டு எழுதினோம். எமது பிழைகள் வரிசையாக வெளிவந்தன.

நுளம்பின் படம் டெங்கு நுளம்பே அல்ல. வாற்பக்கத்தை மேலே தூக்கிச் சாய்ந்திருந்த அது மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ். மலேரியா அற்ற நாடென்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று வழங்கியிருக்க, நாம் அந்த நுளம்பைக் காட்டிப் பயமுறுத்தியிருக்கிறோம்! டெங்கைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி உடலைத் தளத்துக்குச் சமாந்தரமாக வைத்திருக்கும்; கால்களில் வெள்ளை வளையங்கள் உண்டு. ஆயத்தப் படத் தளங்களில் எந்த நுளம்பும் வெறும் “நுளம்பு”தான். ஆதலால் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தின் படக் களஞ்சியத்தில் இனப்பெயரோடு உள்ள படத்தைத் தேடி எடுத்தோம். அங்குள்ளவற்றில் பெரும்பாலானவை பொதுச்சொத்து. எனினும் ஒவ்வொரு படத்தின் கீழும் உள்ள உரிமைக் குறிப்பை வாசித்தே எடுக்க வேண்டும். இரவில் விளக்கருகே நுளம்பு வலை கட்டும் காட்சியும் நீங்கிற்று. இந்த நுளம்பு பகலில், விசேடமாகக் காலையிலும் மாலை மயங்குமுன்னும், கடிப்பது.

மிக ஆபத்தான பிழை இருபத்தைந்தாம் வரிசையில் இருந்தது. “காய்ச்சல் குறையும் வேளையே அபாயம் தொடங்கும் வேளை” என்பது வாக்கியம். “காய்ச்சல் குறைதல்” என்று தேடியதற்குக் கிடைத்தது வெப்பமானியைப் பார்த்துப் புன்னகைக்கும் தாயும் விளையாடத் தொடங்கும் பிள்ளையும். “சுகமாகிவிட்டது” என்றாள் எங்கள் தங்கை. டெங்கில் குருதிக் குழாய்களிலிருந்து நீர் கசிவது பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் அந்த ஓரிரு நாட்களில்தான். வயிற்றுநோ, ஓயாத வாந்தி, இரத்தக் கசிவு, கை கால் குளிர்தல் கண்டால் உடனே ஆசுபத்திரிக்கு ஓட வேண்டும். எமது படத்தை நம்பிய தாய் பிள்ளையை விளையாட விட்டிருப்பாள். அந்த இடத்துக்கு ஏற்ற ஆயத்தப் படம் கிடைக்கவில்லை. படமே போடாமல், கருந்திரையில் நான்கு அறிகுறிகளையும் எழுதி, ஒன்பது விநாடி நிறுத்தினோம்.

எழுத்தைப் பற்றியும் ஒரு சொல். பஸ்ஸிலும் ஆசுபத்திரி வரிசையிலும் பலர் ஒலியின்றியே பார்ப்பதால் அடியெழுத்து அவசியம். மலர் பாமினி எழுத்துருவில் கோக்கப்பட்டது. அதிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டினால் “தமிழ்” என்பது `jkpo;` என்று திரையில் நிற்கும். யூனிகோடுக்கு மாற்றி, எழுத்தெழுத்தாக ஒப்புநோக்கி, கோப்பை `UTF-8` ஆகச் சேமிக்க வேண்டும்.

அதைவிட நுட்பமானது தமிழின் வாக்கிய அமைப்பு. நமது மொழியில் வினை கடைசியில் வரும். “அஸ்பிரின், இபுபுரோபன் ஆகிய மாத்திரைகளை” என்று ஒரு திரையிலும், “டெங்குக் காய்ச்சலுக்குக் கொடுக்கக் கூடாது” என்று அடுத்ததிலும் வெட்டியிருந்தோம். இடையில் கண்ணை எடுத்தவர் மருந்தின் பெயரை மட்டும் கொண்டுபோவார். அவை இரத்தக் கசிவைக் கூட்டக்கூடிய மருந்துகள். மறுப்பை முன்னே கொண்டுவந்து, முழுவதையும் ஒரே திரைக்குள் அடக்கினோம்.

```
22
00:01:58,000 --> 00:02:03,500
கொடுக்கக் கூடாதவை:
அஸ்பிரின், இபுபுரோபன்
```

முதல் வரி இலக்கம், இரண்டாவது தோன்றி மறையும் நேரம், அதன் கீழே இரண்டு வரிக்கு மேற்படாத எழுத்து. வாய்விட்டு இரு தடவை வாசிக்க நேரம் போதாவிட்டால் எழுத்தைக் குறைத்தோம்; நேரத்தை இழுக்கவில்லை.

தெளிந்த நீருக்கான படங்களை முடிவில் கைத்தொலைபேசியிலேயே எடுத்தோம். பூச்சாடித் தட்டு, யோகட் கோப்பை, சிரட்டை, வெள்ளவத்தை மாடிவீட்டின் கூரைப்பீலி. வாளியின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவும் காட்சியும் எடுத்தோம். நீரை ஊற்றிவிட்டாலும் சுவரில் ஒட்டிய முட்டைகள் காய்ந்தபடியே மாதக்கணக்கில் உயிரோடிருந்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும். எல்லாம் எமது சொந்த வீடுகளிலேயே எடுத்தவை. நுளம்பு பெருகும் இடம் வைத்திருப்போர் மீது 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வழக்குத் தொடரலாம் ஆகையால், அயலவர் முற்றத்தைப் படமெடுப்பது நல்ல அயலுறவாகாது!

மறுபடியும் அதே முற்றத்தில் காட்டினோம். இம்முறை கால்வாயைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஓர் அம்மையார் மட்டும், “தம்பி, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிற தட்டிலும் தண்ணி நிற்குமே, அதை ஏன் விட்டீர்கள்?” என்று கேட்டார். அது கட்டுரையில் இருந்தது. 280 சொற்களாகச் சுருக்கியபோது நாமே வெட்டியது. இப்பொழுது தாளில் 32 வரிசைகள் உள்ளன.