குழந்தையின் மலத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்



புதிய வீட்டுக்கு வந்த பிறகு உங்களில் பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள்: "பிள்ளை பச்சையாகப் போகிறது, தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லையா?" பச்சையைக் கண்டு பயப்படும் நாம், உண்மையில் பயப்பட வேண்டிய நிறத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

மலத்துக்கு நிறம் கொடுப்பது பித்தநீர். ஈரல் அதைச் சுரந்து, ஒரு குழாய் வழியாகக் குடலுக்கு அனுப்புகிறது. குடலில் இறங்கும்போது அது பச்சை. பிறகு மெதுவாக மஞ்சளாகவும் பழுப்பாகவும் மாறும். உணவு குடலில் வேகமாக ஓடினால் மாறுவதற்கு நேரமில்லாமல் பச்சையாகவே வெளியே வரும். அவ்வளவுதான். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கும், கீரை தின்ற பிள்ளைக்கும், இரும்புச்சத்து மருந்து குடிக்கும் பிள்ளைக்கும் பச்சை வரலாம். பிள்ளை நன்றாகப் பால் குடித்து, சிறுநீர் கழித்து, விளையாடினால் பரிசோதனை தேவையில்லை.

சளியும் அப்படித்தான். தடிமன் பிடித்த பிள்ளை சளியை விழுங்கும். அது மலத்தில் நூல் நூலாகத் தெரியும். ஆனால் சளியோடு இரத்தம் கலந்திருந்தால், அல்லது காய்ச்சலும் வயிற்று முறுக்கும் சேர்ந்திருந்தால், அது வயிற்றுளைச்சலாக இருக்கலாம். அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். போகும் வழியிலும் ஜீவனியை, பொதியில் எழுதியுள்ள அளவுப்படி கொதித்தாறிய நீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், பாலை நிறுத்தாதீர்கள். பீலித் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடித்திருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இப்போது வெளிறிய நிறத்துக்கு வருவோம். மலம் சுண்ணாம்பு போல, களிமண் போல, கஞ்சி போல வெளுத்திருந்தால் பித்தநீர் குடலுக்கு வரவில்லை என்று பொருள். இது ஒருபோதும் சாதாரணமல்ல.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஐந்து வாரப் பிள்ளை. நிறைமாதத்தில் பிறந்தது, பால் குடிக்கிறது, எடை கூடுகிறது. கண்ணில் மட்டும் மஞ்சள் இன்னும் போகவில்லை. "பிறந்த பிள்ளைக்கு மஞ்சள் வரும், காலை வெயிலில் காட்டினால் போய்விடும்" என்று பாட்டி சொல்கிறார். முதல் வாரத்து மஞ்சளுக்கு அது பொதுவாக உண்மையாகத் தெரியும், ஏனென்றால் அது தானாகவே போய்விடுகிறது. ஆனால் இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் இருந்தால் இரத்தம் பார்த்தே ஆக வேண்டும். இந்தப் பிள்ளையின் சிறுநீர் துணியில் மஞ்சளாகக் கறை பிடிக்கிறது. கைக்குழந்தையின் சிறுநீர் நிறமில்லாமல் இருக்க வேண்டும். மலமோ மேலே லேசான மஞ்சளாகத் தெரிகிறது. குச்சியால் பிரித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை. மஞ்சள் பிடித்த உடம்பின் கசிவு மேலே படிந்துதான் அப்படி ஏமாற்றுகிறது. மங்கிய விளக்கின் மஞ்சள் வெளிச்சத்திலும் இது தெரியாது. அதனால்தான் வாசலுக்குக் கொண்டுவந்து பகலில் பாருங்கள் என்கிறேன்.

இப்படிப்பட்ட பிள்ளைக்குப் பித்தக் குழாய் அடைபட்டிருக்கலாம். இதற்கு ஒரு சத்திரசிகிச்சை உண்டு. ஜப்பானிய வைத்தியர் மொரியோ கசாய் 1950களில் உருவாக்கியது. அடைபட்ட குழாயை எடுத்துவிட்டுச் சிறுகுடலை நேராக ஈரலோடு இணைப்பார்கள். பிறந்து 60 நாட்களுக்குள் செய்தால் பலன் அதிகம். தாமதிக்கத் தாமதிக்க ஈரல் தழும்பேறிக் கெட்டுவிடும். பிறகு ஈரல் மாற்றுவதுதான் வழி. எல்லாப் பிள்ளைக்கும் இது கைகொடுக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் நாள் தவறினால் அந்த வாய்ப்பும் குறையும். தாய்வானில் 2004 முதல் நாடு முழுவதும் தாய்மாரிடம் மல நிற அட்டை கொடுத்தார்கள். தாயே நிறத்தை ஒப்பிட்டுப் பார்த்ததால் பிள்ளைகள் முன்கூட்டியே வைத்தியரிடம் வந்தார்கள்.

ஆகவே, வெளிறிய மலத்தைக் கண்டால் அந்தத் துணியைக் கழுவாமல் ஒரு பையில் போட்டு, பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு அன்றே புறப்படுங்கள். ஒரு நாள் வெளுத்து மறுநாள் நிறம் வந்தாலும் போங்கள். ஆரம்பத்தில் மாறி மாறி வரும். "நேர் பிலிருபின் பார்க்க வேண்டுமா?" என்று கேளுங்கள். மொத்த அளவு மட்டும் போதாது. நேர் பிலிருபின் கூடியிருப்பதுதான் ஈரல் நோயைக் காட்டும். தொப்புளிலோ மூக்கிலோ இரத்தம் கசிந்தால் ஒரு மணி நேரமும் பொறுக்க வேண்டாம். மேற்கொண்டு பார்ப்பதற்குப் பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலைக்கோ, கொழும்பு லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ அனுப்பலாம். அப்படிச் சொன்னால் பேர் போட முடியாது என்று தள்ளிப்போடாதீர்கள். ஒரு நாள் பேரை விட அந்த ஒரு நாள் பெரியது.

வீடு மாறியதால் உங்கள் குடும்பநல உத்தியோகத்தரும் மாறியிருப்பார். புதியவரிடம் இந்த வாரமே பிள்ளையின் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். இரண்டாம் வாரம் முடிந்தும் கண் மஞ்சளாக இருந்தால் முதலில் சொல்ல வேண்டியது அவரிடம்தான்.