மலைப்பாதைச் சோதனையில் நம் பெயரும் நம் காகிதமும்

(கம்பத்தில் இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நம் பள்ளத்தாக்கிலிருந்து கேரளத்துக்கு ஏற முக்கியமான வழிகள் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மூன்றுதான். மூன்றிலும் சோதனைச் சாவடி உண்டு. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது வணிகவரிச் சாவடிகள் போயின. போலீசும், மதுவிலக்குத் துறையும், வனத்துறையும் போகவில்லை. கஞ்சா கடத்தலுக்குப் பேர்போன பாதை என்பதால், எல்லாரையும் நிறுத்துகிறார்கள். நம்மை மட்டும் நிறுத்துகிறார்கள் என்று எடுத்த எடுப்பிலேயே முடிவு கட்டிவிடக் கூடாது.

உத்தமபாளையத்து இளைஞர் ஒருவர் வண்டன்மேட்டில் ஏலக்காய் வாங்கி, இரவில் கம்பம்மெட்டு வழியாகப் பிக்கப் வேனில் இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிறுத்துகிறார்கள். இன்ஜினை அணைத்து, உள்விளக்கைப் போட்டு, "வணக்கம் சார்" என்று சொல்லிவிட்டு ஓட்டுநர் உரிமத்தைக் காட்டுகிறார். சீருடையிலுள்ள போலீஸ் அதிகாரி கேட்டால் உரிமத்தைக் காட்டியாக வேண்டும்; இது மோட்டார் வாகனச் சட்டம். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, சரக்கு வண்டிக்கு பெர்மிட்டும் எஃப்.சி.யும் இதே கணக்குத்தான். டிஜிலாக்கரில் உள்ளதும் செல்லும். ஆனால் வாட்ஸ்அப்பில் வைத்திருக்கும் போட்டோ செல்லாது. மலையில் சிக்னல் கிடைக்காத வளைவுகளில் டிஜிலாக்கர் திறக்காது. ஆகவே காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் வண்டியிலேயே வையுங்கள்.

அடுத்தது சரக்கு. ஏலக்காய்க்கு ஜி.எஸ்.டி. உண்டு. மாநிலம் தாண்டும் சரக்கு ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் என்றால் இ-வே பில் வேண்டும். வழியில் வண்டி பழுதாகி வேறு வண்டிக்கு மூட்டையை மாற்றினால், பில்லில் வண்டி எண்ணையும் மாற்ற வேண்டும். இதை விட்டுவிட்டு மாட்டுகிறவர்கள்தான் அதிகம். பச்சைக் காய்கறிக்கும் திராட்சைக்கும் இ-வே பில் தேவையில்லை. ஆனாலும் மண்டிச் சீட்டு கையிலிருக்கட்டும்.

பின்னால் உட்கார்ந்து வருபவருக்கு அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனால் இந்தச் சாலையில் ஆதாரோ வாக்காளர் அட்டையோ இருந்தால் வேலை சட்டென முடியும். இங்கேதான் நமக்கே உரிய ஒரு சிக்கல். "முகமது" என்ற பெயர் ஆதாரில் ஓர் 'எம்'மோடும், உரிமத்தில் இரண்டு 'எம்'மோடும், வாக்காளர் அட்டையில் சுருக்கமாகவும் இருக்கிறது. ஒன்றில் தகப்பனார் பெயர் இனிஷியலாக, இன்னொன்றில் முழுப் பெயராக. இரவு இரண்டு மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் பார்ப்பவருக்கு இரண்டு ஆள் போலத்தான் தெரியும். தேடப்படும் எவருடைய பெயரோடாவது ஒத்துப்போனால், தகப்பனார் பெயரும் ஊரும்தான் உங்களைப் பிரித்துக் காட்டும். வாக்காளர் அட்டையைப் படிவம் 8 கொடுத்துத் திருத்தலாம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இருமுறைதான் மாற்ற முடியும் என்பதால், எந்த எழுத்தில் நிலைக்க வேண்டும் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டு மற்றவற்றை அதற்குச் சரிசெய்யுங்கள்.

இனி பேச்சு. எங்கிருந்து, எங்கே, என்ன சரக்கு என்று கேட்டால் நேராகப் பதில் சொல்லுங்கள். "எதற்கு நிறுத்தினீர்கள்?" என்று குரல் உயர்த்தும் இளைஞரைப் பார்த்திருக்கிறோம். 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 172-வது பிரிவு, போலீசின் சட்டப்படியான உத்தரவுக்குக் கட்டுப்படாதவரைப் பிடித்து நிறுத்தி வைக்க இடம் தருகிறது. அந்த வாய்ப்பை நாமாகக் கொடுக்க வேண்டாம். பெயரையோ ஊரையோ மாற்றிச் சொல்வது அதைவிட ஆபத்து.

பணிவு என்றால் உரிமையை மறப்பது அல்ல. கஞ்சா சந்தேகத்தில் உடம்பைச் சோதிக்க வந்தால், "கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்ட்ரேட் முன்னிலையில் சோதியுங்கள் சார்" என்று கேட்கலாம். அந்த உரிமையை முதலில் அவர்களே எடுத்துச் சொல்ல வேண்டும். இது உடல் சோதனைக்கு மட்டும். பைக்கும் வண்டிக்கும் பொருந்தாது. பெண்களைப் பெண் காவலர்தான் சோதிக்க வேண்டும். முன்பின் தெரியாதவர் "குமுளியில் கொடுத்துவிடுங்கள் பாய்" என்று நீட்டும் பார்சலை வாங்காதீர்கள். எடுத்து வந்தவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

"ஸ்டேஷனுக்கு வா" என்றால், "கைதா சார், விசாரணையா?" என்று அமைதியாகக் கேளுங்கள். கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும், வீட்டாருக்குத் தெரிவிக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, வீட்டார் ஒருவரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சியாகக் கையெழுத்திட, கைதானவரும் கையெழுத்திட வேண்டும். டி.கே. பாசு வழக்கில் உச்சநீதிமன்றம் 1996-ல் சொன்னது இது. இன்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆகவே வண்டி ஏறுமுன் வீட்டில் ஒருவரிடம் வண்டி எண்ணையும் போகும் பாதையையும் சொல்லுங்கள். ஜமாஅத் தலைவரின் எண்ணையும், வக்கீல் ஒருவரின் எண்ணையும் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். செல்போனை முதலில் வாங்கி வைத்துவிடுவார்கள்.