புடவைக் கடையும் தையல் கடையும்

புடவை வாங்கியவர் அடுத்துத் தேடுவது ரவிக்கை தைப்பவரை. இரண்டு கடைக்கும் வருவது ஒரே ஆள், தொழிலோ வெவ்வேறு. அதனால் இவை ஒன்றின் வாடிக்கையாளரை மற்றொன்றுக்கு அனுப்பிவைக்க ஏற்ற இணை. இதற்கு விளம்பரப் பலகை வேண்டாம், ஒரு சிறு சீட்டு போதும்.

புடவைக் கடை, பில்லோடு தன் முத்திரை குத்திய சீட்டைத் தருகிறது. அதைக் காட்டுபவருக்குத் தையல் கடை கூலி வாங்காமல் ஃபால்ஸ் வைத்துக் கொடுக்கிறது. சலுகையின் செலவை, ஆள் வந்து சேரும் கடையே ஏற்பது நியாயம். தையல் கடையும் இதேபோல் தன்னிடம் வருபவர்களுக்குப் புடவைக் கடைக்கான சீட்டைக் கொடுக்கும்.

மாதக் கடைசியில் சீட்டுகளை எண்ண வேண்டும். 100 சீட்டு கொடுத்து 15 திரும்பி வந்தன, அவற்றைக் கொண்டுவந்தவர்களில் 9 பேர் புதியவர்கள் என்று வைத்துக்கொண்டால், உண்மையான வரவு அந்த 9 பேர்தான். மற்ற 6 பேர் எப்படியும் வந்திருக்கக்கூடிய பழைய வாடிக்கையாளர்கள். ஆகவே, முதல்முறை வருகிறாரா என்று கேட்டுச் சீட்டின் பின்பக்கம் குறித்துவைப்பது அவசியம். ஒரு சீட்டும் திரும்பாவிட்டால், கல்லாவில் இருப்பவர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் அதைப் பைக்குள் போட்டுவிடுகிறாரா என்று முதலில் பார்க்க வேண்டும்.

பெரிய ஆபத்து தீபாவளிக்கும் முகூர்த்த நாட்களுக்கும் முந்தைய வாரங்களில் வரும். தையல் வேலை குவிந்து, சொன்ன தேதியில் ரவிக்கை கிடைக்காமல் போனால், கோபம் அனுப்பிவைத்த புடவைக் கடைமீதும் திரும்பும். அந்த வாரங்களில் சீட்டு கொடுப்பதை நிறுத்திவைப்பதே நல்லது.