கடிதத்தின் முதல் வரியும் கடைசி வரியும்

(திருமழபாடியில் நடந்த கூட்டமைப்பு ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



என்னைக் கடிதம் எழுதுவது பற்றிப் பேசச் சொன்னாங்க. எவ்வளவு கடன், எத்தனை தவணை என்று நடுவில் எழுத வேண்டியதை நாம எல்லாரும் நல்லாவே எழுதுறோம். தடுமாறுவது யாரை எப்படி அழைப்பது, எப்படி முடிப்பது என்பதில்தான். அதில் நான் செய்த இரண்டு தப்பைச் சொல்றேன்.

எங்கள் குழு வங்கியில் வாங்கிய கடனைக் கட்டி முடித்து, அடுத்த கடன் கேட்ட சமயம். பழைய மேனேஜர் எங்களுக்கு நாலு வருஷப் பழக்கம். அவருக்கு எழுதிய கடிதத்தை ஃபைலில் இருந்து எடுத்து, தேதியையும் தொகையையும் மட்டும் மாற்றிக் கொடுத்தேன். மேலே "அன்புள்ள ஐயா", கீழே "தங்கள் அன்புள்ள" என்று இருந்தது. நாற்காலியில் இருந்தவரோ புதிதாக வந்த ஒரு அம்மா. படித்துவிட்டு, "இது யாருக்கு எழுதினதும்மா?" என்றார். அவர் கோபப்படவில்லை. எனக்குத்தான் வெட்கமாகப் போச்சு. வீட்டுக்கு வந்து இப்படி மாற்றி எழுதினேன்:

பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள்
மதிப்பிற்குரிய அம்மையீர், வணக்கம்.
...
இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்) ஊக்குநர்

இரண்டாவது தப்பு இதற்கு நேர் எதிர். எங்கள் குழுவில் வயதில் மூத்த அக்கா ஒருவர், குழு ஆரம்பித்த நாளிலிருந்து இருப்பவர், மூணு தவணை கட்டவில்லை. நான் வங்கிக்கு எழுதிப் பழகிய கையாலேயே "உறுப்பினர் அவர்களுக்கு" என்று தொடங்கி, "இப்படிக்கு, நிர்வாகம்" என்று முடித்து அனுப்பிவிட்டேன். அக்கா இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை. போய்க் கேட்டால், "நிர்வாகம்னா யாரு? நீதானே, ஒன்னைத் தூக்கி வளத்தவ நான்" என்று அழுதுட்டாங்க. மறுபடியும் எழுதினேன்: "அன்புள்ள அக்காவுக்கு, வணக்கம்." நடுவில் அதே மூணு தவணை, அதே தொகை. முடிவில் "அன்புடன், உங்கள் தங்கை" என்று என் பெயர். அடுத்த கூட்டத்துக்கு வந்து, எப்போது கட்டுவேன் என்று அவங்களே சொன்னாங்க.

இதிலிருந்து நான் கற்றது இதுதான். எழுதுவதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்கணும். அவர் நமக்கு எவ்வளவு மூத்தவர்? நமக்கு எவ்வளவு பழக்கம்? பழக்கமில்லாதவரைப் பதவியால் அழைக்கிறோம், பழகியவரை உறவால் அழைக்கிறோம். தொடக்கமும் முடிவும் ஜோடியாகவும் இருக்கணும். "மதிப்பிற்குரிய" என்று தொடங்கினால் "உண்மையுள்ள" என்று முடியும். "அன்புள்ள" என்று தொடங்கினால் "அன்புடன்" என்று முடியும். "நலம், நலமறிய ஆவல்" சொந்தக் கடிதத்துக்குத்தான், மனுவில் வேண்டாம்.

"மேடம் எனக்கு நல்லாப் பழக்கம், அவங்களுக்கும் 'மதிப்பிற்குரிய' என்றா எழுதணும்?" என்று கேட்பீங்க. ஆமாம். மனு அவர் கையோடு நிற்காது, ஃபைலுக்குப் போகும். நாளைக்கு அவர் மாறிப்போன பிறகு, நம்மைத் தெரியாத ஒருவர் அதைப் படிப்பார். அதனால் ஃபைலுக்குப் போவதில் பதவிக்கு எழுதுங்க. அதே மேடத்துக்கு வாட்ஸ்அப்பில் "வணக்கம் மேடம்" போதும்.

பெயருக்கு முன்னால் போடுவதைப் பற்றியும் ஒன்று. 1967-இல் அண்ணா முதலமைச்சரானபோது அரசு வழக்கில் ஸ்ரீ, ஸ்ரீமதி போய் திரு, திருமதி, செல்வி வந்தது. அமைச்சருக்கு "மாண்புமிகு" போடுறோம். ஒரு பெண் அதிகாரி திருமதியா செல்வியா என்று தெரியாவிட்டால் ஊகிக்க வேண்டாம். பதவிப் பெயரோடு "அவர்கள்" சேர்த்தால் போதும். அதிகாரி ஆணா பெண்ணா என்றே தெரியாதபோது "ஐயா / அம்மையீர்" என்று இரண்டையும் எழுதலாம். தெரிந்த பிறகும் அப்படி எழுதினால், விசாரிக்காமல் எழுதினோம் என்று ஆகிவிடும். நம்ம கையெழுத்துக்கு முன்னால் நாமே திருமதி போட்டுக்கொள்வதும் வழக்கமில்லை.

கடைசியாக ஒன்று. நம்மில் பலர் "தங்கள் கீழ்ப்படிதலுள்ள" என்று முடிக்கிறோம். அது பள்ளிக்கூட விடுப்புக் கடிதத்தில் மாணவியாகக் கற்றுக்கொண்டது. நாம யாருக்கும் மாணவி இல்லை. கடன் வாங்கி வட்டியோடு கட்டுகிறவங்க. ஆட்சியருக்கு எழுதினாலும் மேலே மரியாதை குறைய வேண்டாம், கீழே நாமும் குனிய வேண்டாம். "தங்கள் உண்மையுள்ள" என்ற சொல் இரண்டையும் காப்பாற்றும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் குழு ஃபைலில் இருக்கும் பழைய கடிதம் ஒன்றைக் கொண்டு வாங்க. முதல் வரியையும் கடைசி வரியையும் சேர்ந்து பார்ப்போம்.