"கல்யாணம் எப்போது?"

புதுக்கோட்டைப் பக்கம் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகும் பெண்ணிடம் இந்தக் கேள்வி சகஜம். அடுத்து உள்ளே போகும் பையனிடம் யாரும் இதைக் கேட்பதில்லை.

சென்னையில் படித்த சி.பி.முத்தம்மா, 1949-இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். மணமானால் வேலையை விடுவதாக அவரிடம் எழுதி வாங்கினார்கள். பின்னாளில் 'தகுதி போதாது' என்று பதவி உயர்வையும் மறுத்தார்கள். அவர் உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நடக்கும்போதே அரசு பதவி உயர்வைக் கொடுத்துவிட்டது! தகுதி அதற்குள் எப்படி வந்ததோ?

1979-இல் அந்த வழக்கின் தீர்ப்பில் நீதிபதி கிருஷ்ணய்யர், பெண் அதிகாரி மணம் செய்ய அனுமதி கேட்க வேண்டும் என்ற விதியைக் கண்டித்தார். முத்தம்மாவின் பணிமூப்பை மறுபரிசீலனை செய்யச் சொன்னார்.

உங்களிடமும் 'தகுதி போதாது' என்று சொன்னால், எந்த அளவுகோலில் என்று எழுத்தில் கேளுங்கள். அரசுப் பணியில் உங்கள் ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.