பாஸ்புக்கில் 27,042 ரூபாய் கூடுதலாக வந்தது எப்படி?

(பொதுக்குழுக் கூட்டத்தில் சங்கப் பொருளாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் பெரியவர் ஒருவர் எழுந்து கேட்டார்: "மார்ச் 31 அன்று உங்கள் ரொக்க ஏட்டில் 1,84,350 ரூபாய். பாஸ்புக்கிலோ 2,11,392. நடுவில் இருக்கும் 27,042 ரூபாயைக் கணக்கில் காட்டாமல் வைத்திருக்கிறீர்களா?" பின்வரிசையிலிருந்து இன்னொருவர், "கூடுதலாக இருந்தால் நல்லதுதானே, சார், கேமரா வாங்கிவிடலாம்" என்றார். இருவருக்கும் சேர்த்து இன்று பதில் சொல்கிறேன்.

ரொக்க ஏடு நாம் எழுதுவது. பாஸ்புக் வங்கி எழுதுவது. பணம் ஒன்றுதான், ஆனால் எழுதுகிற கைகள் இரண்டு, எழுதுகிற நாளும் வேறு. அந்த வித்தியாசத்தை வரி வரியாக விளக்கும் தாளுக்குத்தான் வங்கிச் சரிகட்டும் பட்டியல் என்று பெயர். பாஸ்புக்கையும் ஏட்டையும் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் இருக்கும் தொகைகளுக்கு டிக் போட வேண்டும். டிக் விழாமல் மிஞ்சுபவைதான் வித்தியாசத்துக்குக் காரணம். மார்ச்சில் அப்படி ஆறு மிஞ்சின. அவற்றை இரண்டாகப் பிரித்தேன்: நாம் ஏட்டில் எழுத வேண்டியவை, வங்கிக்காகக் காத்திருக்க வேண்டியவை.

முதலில் எழுத வேண்டியவை. வங்கி நமக்குத் தந்த காலாண்டு வட்டி 2,096 ரூபாய். வங்கி பிடித்த கட்டணம் 300, அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 354. இரண்டுமே பாஸ்புக்கைப் பார்த்த பிறகுதான் நமக்குத் தெரியும்.

மூன்றாவது, ஒரு வீட்டார் மார்ச் 29 அன்று நேரடியாகக் கணக்கில் செலுத்திய பராமரிப்புத் தொகை 2,500. அவர்கள் சொல்லவில்லை, நானும் பார்க்கவில்லை. பணம் கட்டிய வீட்டின் எண்ணைப் பாக்கிப் பட்டியலில் ஒட்டிவிட்டோம். அதற்காக அவர்களிடம் இந்தக் கூட்டத்திலேயே மன்னிப்புக் கேட்கிறேன்.

நான்காவது என் கைப்பிழை. 16,870 ரூபாய் ஈ.பி. பில்லை 18,670 என்று எழுதிவிட்டேன். வித்தியாசம் 1,800. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் மீதியின்றி வகுபடும். 1,800 அப்படி வகுபட்டதால் அந்தத் திசையில் தேடினேன், பில்லைப் பார்த்ததும் அகப்பட்டது.

இந்த நான்கையும் எழுதியதும் ஏட்டு இருப்பு 1,90,392 ஆனது.

இனி காத்திருக்க வேண்டியவை. லிஃப்ட் பராமரிப்புக்காக சேலத்து நிறுவனத்துக்கு மார்ச் 28 அன்று 28,500 ரூபாய்க்குக் காசோலை கொடுத்தோம். ஏட்டில் அன்றே கழித்துவிட்டோம். அவர்கள் வங்கியில் போட்டு, நம் கணக்கில் கழிந்தது ஏப்ரல் 4 அன்று. அதேபோல மார்ச் 31 மாலை நாம் வங்கியில் போட்ட மூன்று காசோலைகள், மொத்தம் 7,500, ஏப்ரலில்தான் வரவாயின. இவற்றுக்கு ஏட்டில் ஒரு எழுத்தும் மாற்றக் கூடாது.

பட்டியல் இப்படி முடிகிறது:

திருத்திய ஏட்டு இருப்பு: 1,90,392
கூட்டு: பணமாக்கப்படாத காசோலை: 28,500
கழி: வரவாகாத காசோலைகள்: 7,500
பாஸ்புக் இருப்பு: 2,11,392

கேமரா கேட்டவருக்கு இதுதான் பதில். அந்த 27,042 நம் உபரி இல்லை. அதை நம்பிச் செலவு செய்துகொண்டே போயிருந்தால், ஒரு நாள் லிஃப்ட்காரரின் காசோலையே திரும்பியிருக்கும்.

பெரியவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும், ஐயா. உங்கள் சந்தேகம் நியாயமானது. பொருளாளரைச் சோதிக்கச் சரியான இடம், 'காத்திருப்பவை' என்ற பகுதிதான். அங்கே இருப்பவை அடுத்த மாத பாஸ்புக்கில் வந்தாக வேண்டும். "வங்கியில் போட்டாச்சு, இன்னும் வரவாகவில்லை" என்று ஒரே தொகை இரண்டாம் மாதமும் நின்றால், காசோலை திரும்பியிருக்கலாம், அல்லது வங்கிக்கே போகாமல் இருந்திருக்கலாம். பணம் செலுத்திய சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். நாம் கொடுத்த காசோலை மூன்று மாதம் தாண்டினால் செல்லாது. அப்போது ஏட்டில் அந்தத் தொகையைத் திரும்ப வரவு வைக்க வேண்டும், ஆனால் கடன் தீர்ந்துவிடாது, புதுக் காசோலை கொடுக்க வேண்டும்.

இந்தப் பட்டியலால் பிடிக்க முடியாததும் உண்டு. ரசீது போடாமல் கையில் வாங்கிய பணம் ஏட்டிலும் இருக்காது, பாஸ்புக்கிலும் இருக்காது. ஆகவே ரொக்கம் கொடுத்தால் ரசீது வாங்காமல் நகராதீர்கள். நேரடியாகக் கணக்கில் செலுத்தினால் வீட்டு எண்ணைக் குறிப்பிடுங்கள்.

இனி மாதாமாதம் பட்டியலும் பாஸ்புக் நகலும் அறிவிப்புப் பலகையில் இருக்கும். என்னைத் தவிர இன்னொரு நிர்வாகக் குழு உறுப்பினர் டிக் போட்டுப் பார்த்துக் கையெழுத்திடுவார். எழுதியவரே சரிபார்த்தால், என் 18,670 போன்ற பிழை என் கண்ணில் படவே படாது.