பதினான்கு தினங்களும் ஒரு குழாய்முனையும்

சுன்னாகத்திலிருந்து கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பொறியியற் பீடத்துக்குச் சென்று கற்கும் மாணவர் ஒருவர், பாய்ம இயக்கவியற் பரீட்சைக்குப் பதினான்கு தினங்களே எஞ்சியிருக்கையில், அமுக்கத்தகு பாய்ச்சலில் தாம் பலவீனர் என உணர்வாராயின், முதல் ஆறு தினங்களை அதற்கே ஒதுக்கி, அவற்றுள்ளும் முதல் மூன்றை ஒடுங்கிச் செல்லும் குழாய்முனை ஒன்றுக்கே வழங்குவது உசிதமாகும்.

அக்குழாய்முனைக்குக் காற்றை வழங்கும் தொட்டியில் அமுக்கம் 500 கிலோபாஸ்கல், வெப்பநிலை 300 கெல்வின், வெளியமுக்கம் 200 என்க. வாயிலமுக்கமும் 200 என்று அவசரமாகக் கொள்பவருக்கு மாக் எண் 1.22 என வரும். ஒடுங்கும் குழாயில் அது ஒன்றைத் தாண்டுவது அசம்பவமாதலால், பிழை அங்கேயே வெளிப்பட்டுவிடும். ஆகவே முதலில் வெளியமுக்கத்துக்கும் தொட்டியமுக்கத்துக்கும் உள்ள விகிதத்தை நோக்குக: 0.4 என்பது காற்றுக்குரிய 0.528 என்னும் எல்லைக்குக் கீழானது, பாய்ச்சல் நெரிவுற்றது, வாயிலமுக்கம் 264, வெப்பநிலை 250 கெல்வின், வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 317 மீற்றர். வெளியமுக்கத்தை 100 ஆகத் தாழ்த்தினும் திணிவுப் பாய்ச்சல் வீதம் அணுவளவும் கூடாது. இதன் காரணத்தைத் தம் சொல்லில் எழுத இயலும்வரை அடுத்த கணக்குக்குச் செல்லலாகாது.

அடுத்த மூன்று தினங்கள் விரிகுழாய்க்கும் அதிர்ச்சியலைக்கும் உரியன. பின்னர் ஏனைய அத்தியாயங்கள், தினமும் காலையில் ஒரு நெரிவுக் கணக்குடன். இறுதி இரு தினங்களில் பழைய வினாத்தாள்கள், பரீட்சையில் தரப்படும் அட்டவணையையே கையில் வைத்துக்கொண்டு.